கையில் கொட்டிய கஞ்சி: முதலுதவித் தேர்வில் ஒரு கேள்வி

சிறு தீக்காயத்துக்கான முதலுதவிப் பாடத்தை முடிக்கும் தன்னார்வலரிடம் "எவ்வளவு நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டும்?" என்று கேட்டால், "20 நிமிடம்" என்ற விடை உடனே வந்துவிடும். பதற்றமான சூழலில் அவர் அதைச் செய்வாரா என்பது அந்த விடையிலிருந்து தெரியாது. அதனால் தேர்வில் ஒரு சம்பவம் தரப்படுகிறது. தேர்வாளர் அதைப் பகுதி பகுதியாகச் சொல்லிக்கொண்டே போக, தன்னார்வலர் ஒவ்வொரு கட்டத்திலும் செய்துகாட்ட வேண்டும்.

சம்பவம் இப்படித் தொடங்கலாம்: சோறு வடிக்கும்போது ஒரு பெண்ணின் முன்கையில் கொதிகஞ்சி கொட்டிவிட்டது. கையில் வளையல்கள் இருக்கின்றன. குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியில் மட்டும் இருக்கிறது. அப்படியானால் அந்தத் தண்ணீரைக் குவளையால் தொடர்ந்து ஊற்ற வேண்டும். ஊற்றும்போதே வளையல்களையும் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் வீக்கம் வந்த பிறகு அவை கழலாமல் கையை இறுக்கும். ஐஸ் வைப்பது தவறு. கடுங்குளிர் ஏற்கெனவே வெந்த தோலை மேலும் சிதைக்கும்.

அடுத்து தேர்வாளர், "ஐந்து நிமிடம் ஆயிற்று, எரிச்சல் குறைந்துவிட்டது என்கிறார். பக்கத்து வீட்டார் பற்பசை கொண்டுவருகிறார்" என்கிறார். பலரும் தடுமாறும் இடம் இதுதான். எரிச்சல் தணிந்தாலும் தோலின் உட்பகுதியில் வெப்பம் தங்கியிருக்கலாம் என்பதால் 20 நிமிடமும் தண்ணீர் தேவை. பற்பசை தடவினால் காயத்தின் நிறமும் ஆழமும் மறைந்துபோகும். மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க நேரிடும். வந்தவரிடம் இதைப் பணிவாகச் சொல்லி மறுப்பதும் மதிப்பெண்ணில் சேரும்.

பிறகு காயத்தை மதிப்பிட வேண்டும். விரல்கள் உட்பட ஓர் உள்ளங்கை உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். இங்கே அளவுகோல் காயம்பட்டவரின் கைதான், தன்னார்வலரின் கை அன்று. அந்தப் பெண்ணுக்குச் சிவந்திருக்கும் இடம் அவரது உள்ளங்கையில் பாதி. நடுவே ஒரு சிறு கொப்புளம். கொப்புளத்தை உடைக்காமல், பஞ்சு ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும்.

கடைசியில் தேர்வாளர் சம்பவத்தை மாற்றுகிறார். அதே கஞ்சி இரண்டு வயதுக் குழந்தையின் மேல் கொட்டியிருந்தால்? முகம், உள்ளங்கை, மூட்டு ஆகியவற்றில் பட்டிருந்தால்? தோல் வெளுத்து, வலியே இல்லை என்றால்? மூன்றிலும் முதலில் தண்ணீர் ஊற்றி, பிறகு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வலி இல்லாததை நல்ல அறிகுறி என்று சொல்பவர் தேர்ச்சி பெற முடியாது. நரம்பு முனைகள் வரை வெந்துபோனால்தான் வலி தெரியாமல் போகும். எனவே அது சிறு காயமே அல்ல.