மடிப்புக்குப் பக்கத்தில் ஓட்டை போடலாமா?

மின் பேனல் பெட்டியைத் திறந்தால் உள்ளே எல் வடிவத்தில் சின்னச் சின்ன பிராக்கெட்டுகள் தெரியும். 2 மி.மீ. இரும்பு ஷீட்டை லேசரில் வெட்டி, ஓட்டை போட்டு, பிரஸ் பிரேக்கில் ஒரு மடிப்பு மடித்தால் பிராக்கெட் தயார். ஆனால் தட்டையாக இருந்தபோது வட்டமாக இருந்த ஓட்டை, மடித்து எடுத்ததும் முட்டை வடிவில் இழுபட்டு நிற்பதுண்டு. போல்ட் நேராக இறங்காது. பெரும்பாலும் இது இயந்திரத்தை ஓட்டுபவரின் தவறு அல்ல. அடியில் இருக்கும் டையை நினைக்காமல் வரைபடம் போட்டதன் விளைவு.

பிரஸ் பிரேக்கில் மேலே பஞ்ச், கீழே ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டிய டை. ஷீட் அந்தப் பள்ளத்தின் இரண்டு விளிம்புகள் மேல் படுத்திருக்கும். பஞ்ச் நடுவில் இறங்க இறங்க ஷீட் உள்ளே மடங்கும். மூன்றே இடங்களில்தான் தொடுகை: பஞ்சின் நுனி, இரண்டு விளிம்புகள். பள்ளத்தின் அகலம் சாதாரண இரும்புக்குத் தடிமனைப்போல் 8 மடங்கு என்பது வழக்கம். 2 மி.மீ. ஷீட்டுக்கு 16 மி.மீ. மடிப்பின் உள் ஆரத்தையும் இந்த அகலமே முடிவு செய்கிறது. இரும்பில் அதில் சுமார் 16 சதவீதம், அதாவது 2.6 மி.மீ.

மடிக்கும் பக்கம் எவ்வளவு குட்டையாக இருக்கலாம் என்பதும் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. 90 டிகிரி மடிப்பு முடியும்போது ஷீட்டின் இரு பக்கங்களும் 45 டிகிரி சாய்ந்து விளிம்புகள்மேல் நிற்கும். பள்ளத்தின் பாதி 8 மி.மீ.; சாய்வில் அளந்தால் 11.3. சுருக்கமாக, பள்ள அகலத்தை 0.7-ஆல் பெருக்கினால் போதும். மடிக்கும் பக்கத்தின் வெளியளவு இதைவிடக் குறைந்தால், அதன் ஓரம் விளிம்பிலிருந்து வழுக்கிப் பள்ளத்துக்குள் விழும். கோணம் கெடும், ஷீட் திடீரென எகிறிக் கையையும் பதம் பார்க்கும். விளிம்பு கொஞ்சம் உருண்டையாக இருப்பதால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூட்டி 13 என்று வைப்பது பாதுகாப்பு. கூர்மையான மடிப்புக்கு இது போதாது: 60 டிகிரிக்கு மடித்தால் அதே டையில் 16 மி.மீ. வேண்டும்.

இனி ஓட்டை. பள்ளத்தின் மேலே இருக்கும் உலோகத்துக்குக் கீழே தாங்கல் கிடையாது. அங்கே ஓட்டை இருந்தால் அந்த இடம் பலவீனம். மடிக்கும் விசை அதை மடிப்பை நோக்கி இழுக்கும், வெளிப்பக்கம் புடைக்கும். அதனால் தட்டை நிலையில் மடிப்புக் கோட்டிலிருந்து ஓட்டையின் கிட்டத்து ஓரம் பள்ளத்தின் பாதியையாவது தாண்டியிருக்க வேண்டும். மையம் அல்ல, ஓரம். பலர் தடுமாறுவது இங்கேதான்.

வரைபடத்தில் ஒரு பிராக்கெட்டில் 6.6 மி.மீ. ஓட்டையின் மையம் வெளிமுகத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரம் 6.7-ல் வரும். தேவையோ, தட்டையில் 8 மி.மீ.; இந்த டைக்கு மடிப்புக் கழிவு சுமார் 3.8. அதில் பாதியான 1.9-ஐக் கூட்டினால் வெளிமுகத்திலிருந்து 9.9. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பற்றாக்குறை. ஓட்டை நிச்சயம் இழுபடும். வடிவமைப்பாளர்கள் கையாளும் இன்னொரு சூத்திரம் தடிமனைப்போல் 2.5 மடங்கு, கூட்டல் உள் ஆரம் என்பது. அதை உள்முகத்திலிருந்து அளந்தால் 7.6, வெளிமுகத்திலிருந்து 9.6. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தைக் காட்டுவது தற்செயல் அல்ல. 8 மடங்குப் பள்ளம் என்ற வழக்கம் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது.

முதலில் கேட்க வேண்டியது, மையத்தை 13.5-க்குத் தள்ள முடியுமா என்பது. இதற்குச் செலவே இல்லை. முடியாவிட்டால் 10 மி.மீ. பள்ளமுள்ள டை. அதில் தேவையான தூரம் 6.7-க்கு இறங்கி, ஓட்டை மயிரிழையில் தப்பும். ஆனால் பள்ளம் குறுகினால் விசை அதே விகிதத்தில் ஏறும். மீட்டருக்குச் சுமார் 16 டன் என்றிருந்தது 26-ஐத் தொடும். 60 மி.மீ. அகல பிராக்கெட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. நீளமான பெட்டிக் கதவு என்றால் இயந்திரமும் டையும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. உள் ஆரம் சுருங்குவதால் மடிப்புக் கழிவு 3.4 ஆகிவிடும். 16-க்குக் கணக்கிட்டு வெட்டிய ஷீட்டை 10-ல் மடித்தால் இரு பக்கங்களின் கூட்டளவில் 0.4 மி.மீ. குறையும். பட்டறை தன்னிச்சையாக டையை மாற்றினால் அளவு தப்புவது இதனால்தான்.

இவை எதுவும் சரிப்படாதபோது ஓட்டைக்கு நேரே மடிப்புக் கோட்டில் ஒரு நீளத் துளை வெட்டி இழுவிசையைத் துண்டிக்கலாம். வலு சற்றுக் குறையும். அல்லது மடித்த பிறகே துளையிடலாம். ஒவ்வொரு பிராக்கெட்டையும் மறுபடி பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால் நூறு துண்டுகளுக்குமேல் அது கையைக் கடிக்கும்.

சந்தேகம் வந்தால் முதல் துண்டை மடித்ததும் வெர்னியரால் ஓட்டையை இரண்டு திசையில் அளக்க வேண்டும்: மடிப்புக்கு இணையாக ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போனால் மீதியை மடிக்கலாம்.