நித்திரையைக் கலைக்கும் நாளைய கவலைகள்

விளக்கை அணைத்துப் படுத்ததும் நாளைய கடமைகள் ஒவ்வொன்றாக மனதில் எழுவதை நம்மில் பலர் அறிவோம். ‘நினைக்கக்கூடாது’ என்று அடக்க முற்பட்டால் அவை மேலும் வலுப்பெறுகின்றன. அவற்றைத் தாளில் இறக்கி வைப்பதே பயன் தரும் வழியாகும்.

அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் 57 இளையோர் பங்குபற்றினர். உறங்குமுன் 5 நிமிடங்கள், செய்யவேண்டிய வேலைகளை எழுதியோர், செய்து முடித்தவற்றை எழுதியோரை விடச் சராசரியாக 9 நிமிடங்கள் முன்னதாகவே உறங்கினர். எழுதியது எவ்வளவு தெளிவாக இருந்ததோ அவ்வளவு விரைவாக நித்திரை வந்தது.

உதாரணமாக, ‘கடன் தவணை’ என்று மட்டும் எழுதினால் கவலை அப்படியே எஞ்சிவிடும். ‘காலை 9 மணிக்கு வங்கிக்குச் சென்று முகாமையாளரிடம் இரு வார அவகாசம் கேட்பது’ என்று எழுதினால், அது முடிவெடுக்கப்பட்ட காரியமாகிவிடுகின்றது.

அதன் பின்னரும் ஏறத்தாழ 20 நிமிடங்கள் நித்திரை வராவிடில், எழுந்து வேறிடத்தில் மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் சொருகும்போது மட்டுமே படுக்கைக்குத் திரும்புதல் வேண்டும். புரண்டு கிடந்தால், படுக்கை என்றாலே விழிப்பு என மனம் பழகிவிடும். கடிகாரத்தையும் பார்க்கலாகாது, நேரத்தை உத்தேசமாகக் கணித்தாலே போதும். எத்தனை மணிக்கு உறங்கினாலும் வழமையான நேரத்தில் எழுதல் அவசியம்.

வாரத்தில் மூன்று இரவுகளேனும் இந்நிலை மூன்று மாதங்கள் நீடிப்பின், அது வைத்தியரை நாடவேண்டிய நித்திரையின்மை நோயாகும். தாங்கொணாக் கவலையோ மனச்சோர்வோ இருப்பின் அதுவரை காத்திருத்தலும் ஆகாது.