நள்ளிரவு வரியில் இரண்டு எண்கள்

டெங்கு நோயாளிக்குக் காய்ச்சல் விட்டதும் வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். வார்டு சிஸ்டருக்கோ வேலை அப்போதுதான் கூடும். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்புச் சூடு தணிகிற சமயத்தில், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். ஒன்றிரண்டு நாள் நீடிக்கும் அந்தக் கட்டத்தில் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீர் எல்லாவற்றையும் விடாமல் பார்த்துக் குறிக்க வேண்டும். குறிக்கும் இடம், கட்டில் அருகே அட்டையில் செருகியிருக்கும் ஒரே ஒரு தாள்.

நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது அந்தத் தாளை யாராவது செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் சிகிச்சையை ஆராய வரும் டாக்டரின் கையிலும், வழக்கு என்று வந்தால் வக்கீலின் மேசையிலும் பெரும்பாலும் அந்தப் படம்தான் இருக்கும். அதைப் பார்த்து எண்களை நேர வரிசையில் எழுதித் தருவது எழுத்தர் வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் நோயாளிக்கு என்ன நடந்தது என்ற கதையே அந்த மேசையில் மாறிப்போகக்கூடும். எப்படி மாறும் என்று பார்க்க, விளக்கத்துக்காக ஒரு தாளை எடுத்துக்கொள்வோம்.

அறுபது கிலோ எடையுள்ள ஒரு பெண் நோயாளி. அக்டோபர் 14 இரவு பத்து மணிக்கு நாடி 96, அழுத்தம் 110/70. பதினொன்றுக்கு நாடி 100, அழுத்தம் 106/74. இரண்டு வரிகளின் கடைசியிலும் எஸ்.எம். என்ற இனிஷியல். பன்னிரண்டு மணி வரியில் நாடி 108. அழுத்தத்துக்கான கட்டத்தில் 110/70 என்று எழுதி, மேலே ஒரு கோடு இழுத்து அடித்திருக்கிறது. பக்கத்தில் நெருக்கமாக 98/80. அதையொட்டிச் சின்னதாகக் கே.ஆர். என்ற இனிஷியல், வரி முடிவில் வழக்கம்போல எஸ்.எம். ஒரு மணிக்கு 96/78, இரண்டு மணிக்கு 100/76. தாளின் அடியில் சாய்வாக ஒரு குறிப்பு: 12.20-க்கு டாக்டருக்குத் தகவல் சொல்லி, டிரிப்ஸ் வேகம் கூட்டப்பட்டது. எழுதிய நேரம் 2.15.

டெங்குவில் மேல் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேலுக்கும் கீழுக்கும் உள்ள இடைவெளிதான் முன்கூட்டியே பேசும். ரத்தக் குழாயில் நீர் குறையும்போது உடம்பு குழாய்களை இறுக்கிச் சமாளிக்கிறது. அதனால் கீழ் அளவு ஏறி மேல் அளவை நெருங்குகிறது. இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கினால், மேல் அளவு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நோயாளி அதிர்ச்சி நிலைக்குள் போய்விட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் தாளில் பத்து மணிக்கு இடைவெளி 40, பதினொன்றுக்கு 32. நள்ளிரவில் அது 18.

ஆனால் அடித்த எண்ணை எடுத்துக்கொண்டால்? 110 கழித்தல் 70, மறுபடி 40. நள்ளிரவில் நோயாளி நன்றாக இருந்தார் என்று ஆகிவிடும். இப்படித் தவறுவது அபூர்வம் இல்லை. அடித்த எண் கட்டத்தின் நடுவில் தெளிவாக இருக்கும். திருத்திய எண் ஓரத்தில் இடுக்கி எழுதியிருக்கும். படத்தில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு அடித்த கோடு வெளுத்திருந்தால் கண் தெளிவான எண்ணுக்குத்தான் போகும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தாளில் அச்சடித்த கட்டக் கோடு எண்ணின் மேல் ஓடுவதை அடித்தல் என்று எண்ணிவிடுவது. படத்தைப் பெரிதாக்கிக் கோட்டின் இரு முனைகளையும் தேட வேண்டும். கையால் இழுத்த கோடு எண்ணுக்குச் சற்று முன்னால் தொடங்கி, சற்றுத் தள்ளி நிற்கும். பேனாவின் மை அழுத்தம் தெரியும். அச்சுக் கோடு பக்கத்துக் கட்டங்களுக்குள்ளும் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். வெற்றுக் கட்டங்களின் குறுக்கே மூலைக்கு மூலை நீளமாக இழுத்த கோடு வேறு சங்கதி. அங்கே எதுவும் பதியவில்லை என்பதற்காகப் போட்டது அது.

அப்படியானால் அடித்ததை விட்டுவிட்டு 98/80-ஐ மட்டும் எழுதினால் போதுமா? போதாது. அடித்த எண் பழையபடி படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும் என்று நர்ஸுகளுக்குச் சொல்லித்தருவதே, பின்னால் வருகிறவருக்கு இரண்டும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். பெயர்த்தெழுதுகிறவர் ஒன்றை மறைத்தால், வெள்ளை மை பூசியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. எனவே ஒரே நேரத்துக்கு இரண்டு வரிகள் வேண்டும்: அடித்தது முதலில், நிற்பது அடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் நிலை. ஏன் அடித்தார்கள் என்பதைத் தாள் சொல்லவில்லை. பத்து மணி வரியின் எண்ணைப் பார்த்துத் தவறாக எழுதியிருக்கலாம், மறுபடி அளந்திருக்கலாம். பட்டியலில் இந்த ஊகத்துக்கு இடம் இல்லை.

இனிஷியல் விஷயத்திலும் இதே கட்டுப்பாடு வேண்டும். எஸ்.எம். வரி முடிவில் இருக்கிறது, கே.ஆர். திருத்தத்தின் அருகில் இருக்கிறது. 98/80-ஐ அளந்தவர் யார்? எஸ்.எம். அளந்து எழுதியதைக் கே.ஆர். சரிபார்த்தாரா, கே.ஆரே அளந்தாரா? படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் விடை கிடைக்காது. ஆகவே வரியின் இனிஷியலுக்கு ஒரு பத்தி, திருத்தத்தின் இனிஷியலுக்குத் தனிப் பத்தி. டியூட்டிப் பட்டியலைப் பார்த்து முழுப்பெயர் போடும் ஆசையும் கூடாது. ஒரே இனிஷியல் உள்ள இரண்டு பேர் ஒரே வார்டில் வேலை பார்ப்பது சாதாரணம்.

இப்போது தாளின் அடிக்குறிப்புக்கு வருவோம். மேலிருந்து கீழாகப் பார்த்து அப்படியே எழுதினால், டாக்டருக்குத் தகவல் சொன்னது இரண்டு மணி வரிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். படிப்பவருக்கு, இடைவெளி 18-ஆகச் சுருங்கியும் இரண்டு மணி நேரம் யாரும் டாக்டரை அழைக்கவில்லை என்றே தோன்றும். இரவெல்லாம் ஓடியாடிய ஒரு சிஸ்டர் மேல் வீண்பழி விழ அது போதும். குறிப்பு தரும் நேரத்தின்படி அழைத்தது 12.20, எழுதியது 2.15. பட்டியலில் நடந்த நேரத்தையும் எழுதிய நேரத்தையும் தனித்தனியாகக் காட்டி, நடந்த நேரப்படி வரிசைப்படுத்த வேண்டும். எழுதிய நேரத்தை விட்டுவிடவும் கூடாது. அது பின்னால் சேர்த்த பதிவு என்பதும் ஓர் உண்மை.

அந்தப் பகுதி மட்டும் பட்டியலில் இப்படி வரும்:

| நடந்த நேரம் | எழுதிய நேரம் | பதிவு | நிலை | வரி இனிஷியல் | திருத்த இனிஷியல் |
|---|---|---|---|---|---|
| 14.10, 23:00 | – | அழுத்தம் 106/74 | நிற்கிறது | எஸ்.எம். | – |
| 15.10, 00:00 | – | அழுத்தம் 110/70 | அடித்தது | எஸ்.எம். | கே.ஆர். |
| 15.10, 00:00 | – | அழுத்தம் 98/80 | நிற்கிறது | எஸ்.எம். | கே.ஆர். |
| 15.10, 00:20 | 02:15 | டாக்டருக்குத் தகவல், டிரிப்ஸ் வேகம் கூட்டல் | பின்னர் எழுதியது | இல்லை | – |
| 15.10, 01:00 | – | அழுத்தம் 96/78 | நிற்கிறது | எஸ்.எம். | – |

ஒவ்வொரு வரியிலும் தேதி இருப்பதைக் கவனிக்க வேண்டும். தாளின் தலைப்பில் 14-ஆம் தேதி மட்டும்தான் இருக்கும். நள்ளிரவு தாண்டியபின் யாரும் புதுத் தேதி போடுவதில்லை. எக்செல்லில் நேரத்தை மட்டும் தட்டி வரிசைப்படுத்தச் சொன்னால், 00:00-உம் 01:00-உம் 22:00-க்கு முன்னால் போய் நிற்கும். நோயாளி அதிர்ச்சியில் தொடங்கி, பதினொன்று மணிக்குள் தேறிவிட்டதுபோல ஒரு பொய்க்கதை கிடைக்கும். பகலா இரவா என்று குறிக்காத வெறும் 12-ஐ, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். அப்படி முடிவு செய்ததையும் குறித்து வைக்க வேண்டும்.

சிறுநீர்ப் பத்தியில் இன்னொரு சிக்கல். ஒரு மணிக்கான கட்டம் காலி. இரண்டு மணிக் கட்டத்தில் 60 மி.லி.; இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்புக் கோடு. கிலோவுக்கு மணிக்கு அரை மி.லி. சிறுநீராவது போக வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். இவருக்கு அது மணிக்கு 30. அறுபதை முப்பது முப்பதாகப் பிரித்து எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் முதல் மணி நேரத்தில் பத்தும், டிரிப்ஸ் கூட்டியபின் ஐம்பதும் போயிருக்கலாம். அதனால் பட்டியலில் ‘நள்ளிரவு முதல் இரண்டு மணி வரை 60’ என்று ஒரே பதிவாகத்தான் வர வேண்டும். காலிக் கட்டத்தில் பூஜ்யம் போடுவது இதைவிடப் பெரிய தவறு. அளக்காததும் சிறுநீரே வராததும் வேறு வேறு நிலைமைகள்.

படிக்கவே முடியாத எண்ணை என்ன செய்வது? நாடி 74-ஆ 94-ஆ என்று தெரியவில்லை. மேலே 100, கீழே 108 என்று இருந்தால் 94-தான் இருக்கும் என்று மனசு சொல்லும். நோயாளியின் நிலை திடீரென மாறும் தருணத்தில்தான் அப்படிப்பட்ட மனக்கணக்கு ஏமாற்றும். இரண்டையும் எழுதி, தெளிவில்லை என்று குறித்துவிட வேண்டும்.

பிழைகள் எல்லாமே எண்ணைத் தவறாகப் படிப்பதால் வருவதில்லை. வரி மாறுவதாலும் வருகின்றன. சாய்வாக எடுத்த படத்தில் இடப்பக்கம் பன்னிரண்டு மணி வரியில் தொடங்கும் கண், வலப்பக்கம் ஒரு மணி வரியில் போய் முடியும். முதலில் படத்தை நேராக்கி, வரி வரியாக எழுதி, பிறகு பத்தி பத்தியாகக் கீழிருந்து மேலே சரிபார்த்தால் இந்தத் தவறு அகப்பட்டுவிடும். முதல் பட்டியலைப் பார்க்காமலேயே இன்னொருவர் படத்திலிருந்து தனியாக எழுதி, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது அதைவிட உறுதியான வழி. இருவரும் எங்கே வேறுபடுகிறார்களோ அங்கே மீண்டும் படத்துக்குப் போக வேண்டும். அப்போதும் தீராவிட்டால் அந்த எண் ‘தெளிவில்லை’ பட்டியலில் சேர்ந்துவிடும்.

சில ஐயங்களைப் படத்தை வைத்துத் தீர்க்கவே முடியாது. மடிப்பில் மறைந்த பத்தியையோ, பின்பக்கத்தில் தொடரும் குறிப்பையோ அசல் தாளில்தான் பார்க்க முடியும். 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த ஒழுங்குமுறைப்படி, உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கேட்கும்போது கேஸ் ஷீட் என்று பொதுவாக எழுதாமல், கண்காணிப்புச் சார்ட்டின் இரு பக்கங்களும், அதே இரவின் நர்ஸ் குறிப்பும், டிரிப்ஸ் வேகத்துக்கான டாக்டரின் உத்தரவும் வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது. 12.20 என்ற நேரத்தை வேறெங்காவது ஒத்துப் பார்க்க முடியுமானால் அந்தத் தாள்களில்தான் முடியும்.