மீட்கும் வழியில் நுழைந்தவர்கள்

2012 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை மாலை. சான் பிரான்சிஸ்கோவில் வசித்த மேட் ஹோனன் என்ற பத்திரிகையாளரின் ஐபோன் திடீரென்று அணைந்து, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்ததுபோல வெறுமையாக எழுந்தது. சரிசெய்யலாம் என்று மடிக்கணினியைத் திறந்தார். அது நான்கு இலக்கப் பின் கேட்டது. அப்படி ஒரு எண்ணை அவர் வைத்ததே இல்லை. அதற்குள் அவருடைய கூகுள் கணக்கு அழிக்கப்பட்டிருந்தது. மகள் பிறந்த முதல் வருடத்துப் படங்கள் அந்த மடிக்கணினியில்தான் இருந்தன, வேறெங்கும் நகல் இல்லை.

இத்தனையும் செய்தவர்களுக்கு அவருடைய பாஸ்வேர்டு எதுவுமே தெரியாது. பாஸ்வேர்டை மறந்தவர்களுக்காக நிறுவனங்கள் திறந்து வைத்திருக்கும் மீட்பு வழியில் அவர்கள் உள்ளே போனார்கள். கிளவுட் கணக்கைக் காப்பது பற்றிப் பேசும்போது நாம் அதிகம் கவனிக்காத இடம் இதுதான் என்பதால், அவர்கள் போன தடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஹோனனின் ட்விட்டர் பெயர் @mat. மூன்றே எழுத்து. அதைப் பறிக்கத்தான் இத்தனை பாடும். ட்விட்டர் பக்கத்திலிருந்து அவருடைய சொந்த இணையதளத்துக்குப் போனார்கள், அங்கே ஜிமெயில் முகவரி கிடைத்தது. ஜிமெயிலில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று தட்டியதும், மாற்று முகவரி இதுதான் என்று m••••n@me.com எனப் பாதியை மறைத்துக் காட்டியது. மீதியை ஊகிக்கச் சிரமமில்லை. me.com ஆப்பிளுடையது. அன்றைக்கு ஆப்பிள் உதவி மையத்தில் பில் முகவரியும் கிரெடிட் கார்டின் கடைசி நான்கு எண்களும் சொன்னால் தற்காலிக பாஸ்வேர்டு தந்துவிடுவார்கள்.

பில் முகவரி, இணையதளத்தைப் பதிவு செய்த விவரத்திலேயே இருந்தது. நான்கு எண்களுக்காக அமேசானுக்கு இரண்டு முறை போன் செய்தார்கள். முதல் அழைப்பில் ஹோனனின் கணக்கில் புதிதாக ஒரு கார்டைச் சேர்க்கச் சொன்னார்கள். அடுத்த அழைப்பில், கணக்குக்குள் போக முடியவில்லை என்று சொல்லி, சற்றுமுன் சேர்த்த அதே கார்டு எண்ணை அடையாளமாகக் கொடுத்து, ஒரு புது மின்னஞ்சலைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மின்னஞ்சல் வழியாக பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனால், பழைய கார்டின் கடைசி நான்கு எண்கள் திரையில் இருந்தன.

மாலை 4:33க்கு ஆப்பிளுக்கு அழைப்பு போனது. 5:05க்கு மடிக்கணினியை அழிக்கும் கட்டளை போய்விட்டது. இடைப்பட்ட அரை மணி நேரத்தில் ஜிமெயில், ஐபோன், ஐபேடு, ட்விட்டர் எல்லாம் கைமாறின. தொலைபேசியில் இப்படிக் கணக்கைத் திறந்துவிடும் நடைமுறையை இரு நிறுவனங்களும் அதன்பிறகு மாற்றின.

ஜிமெயிலில் மட்டும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும் என்று ஹோனன் பிறகு எழுதினார். உண்மைதான். இது பாஸ்வேர்டுக்கு மேல் போடும் இரண்டாவது பூட்டு, அதன் சாவி நம் கையில் இருக்கும் ஒரு பொருளில் இருக்கும். பெரும்பாலும் அது போன். ஆத்தென்டிகேட்டர் செயலியை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் நாம் ஸ்கேன் செய்யும் க்யூஆர் படத்துக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது கூகுளிடமும் நம் போனிலும் மட்டும் இருக்கும். இரு தரப்பும் அந்தச் சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை ஒரே ஆறு இலக்க எண்ணை அடைகின்றன. இதற்கு சிக்னலோ இணையமோ வேண்டாம், விமானத்தில்கூட எண் வரும். சரியான எண்ணைப் போட்டும் ஏற்க மறுத்தால், முதலில் போனின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

இந்தப் பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. போலியான லாகின் பக்கத்தில் நீங்களே அந்த ஆறு இலக்கத்தைத் தட்டிவிட்டால், மறுமுனையில் இருப்பவன் அது காலாவதியாகும் முன் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே போய்விடுவான். பாஸ்கீ அப்படி ஏமாறாது, தன்னை உருவாக்கிய தளத்தில் மட்டுமே அது வேலை செய்யும்.

இனி, நம் ஊரில் அடிக்கடி நடக்கும் சங்கடத்துக்கு வருவோம். பஸ்ஸில் போன் தொலைந்துபோகிறது. செயலி அதோடு போயிற்று. அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கி, ஓடிபி வரும் என்று காத்திருக்கிறீர்கள். வராது. மோசடியாக சிம் மாற்றுபவர்களைத் தடுக்க, புது சிம் வேலை செய்யத் தொடங்கியபின் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகவும் வரவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை விதித்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் தொலைந்த போனைக் கண்டுபிடிக்கவோ தொலைவிலிருந்தே அழிக்கவோ கூகுள் கணக்கு உங்களுக்கு அந்த ஒரு நாளில்தான் வேண்டும்.

பேக்கப் கோடுகள் இந்த நேரத்துக்கானவை. myaccount.google.com தளத்தில் Security பகுதிக்குப் போய், 2-Step Verification என்பதன் கீழே Backup codes என்று இருப்பதைத் திறந்தால் எட்டு இலக்க எண்கள் பத்து கிடைக்கும. பாஸ்வேர்டு போட்டபின், போன் எண்ணுக்குப் பதிலாக இவற்றில் ஒன்றைத் தட்டலாம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் செல்லும், பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். புதுப் பட்டியல் எடுத்த நொடியில் பழைய பட்டியல் செல்லாததாகிவிடும். ஆகவே தாள் தொலைந்தால், புதிதாக எடுத்தாலே பழையது வெறும் காகிதம்.

பலரும் சறுக்குவது இவற்றை வைக்கும் இடத்தில். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் படம் கூகுள் போட்டோஸுக்குள் போய் உட்காரும். பதிவிறக்கினால் டவுன்லோட்ஸில் ஒரு கோப்பாகக் கிடக்கும், கணினியில் கைவைப்பவனுக்கு அது தேடும் வேலையைக்கூட வைக்காது. கூகுள் ஆத்தென்டிகேட்டர் 2023 முதல் தன் எண்களைக் கூகுள் கணக்கிலேயே சேமிக்க விடுகிறது. மற்றத் தளங்களுக்கு அது வசதி. அந்தக் கூகுள் கணக்கே பூட்டிக்கொண்டால், திறக்கும் சாவியும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் பத்து எண்களையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம், பாஸ்புக் இருக்கும் பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டை அதே தாளில் எழுதாதீர்கள். வெளியூர் போகும்போது ஓரிரண்டு எண்களை மட்டும் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம், போன் உறைக்குள் வேண்டாம். யார் போன் செய்து கேட்டாலும், கூகுளிலிருந்து பேசுகிறேன் என்றாலும், இந்த எண்களைச் சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் மீறி யாரோ உள்ளே புகுந்து உங்கள் மீட்பு எண்ணை மாற்றிவிட்டால், அன்றே செயல்படுங்கள். மாற்றிய பிறகும் 7 நாள் வரை, பழைய எண்ணுக்கோ பழைய மாற்று முகவரிக்கோ சரிபார்ப்பு எண்ணை அனுப்பச் சொல்லும் வாய்ப்பைக் கூகுள் தருகிறது. நீங்கள் செய்யாத மாற்றம் பற்றி எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தட்டாமல் கணக்குப் பக்கத்துக்கு நேராகப் போய்ப் பாருங்கள். கணக்கு திரும்பக் கிடைத்ததும் பாஸ்வேர்டை மாற்றி, உங்களுடையதல்லாத சாதனங்களை வெளியேற்றி, பேக்கப் கோடுகளைப் புதிதாக எடுங்கள். உள்ளே வந்தவன் பழைய பட்டியலைப் பார்த்திருக்கலாம், தனக்கென ஒரு பட்டியலும் எடுத்திருக்கலாம். கடைசியாக ஜிமெயில் அமைப்புகளில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். உங்களுக்கு வரும் அஞ்சலின் நகலை வேறொரு முகவரிக்கு அனுப்பும் ஒரு வரியை அவன் அங்கே விட்டுப் போயிருந்தால், பாஸ்வேர்டு மாறிய பிறகும் அது வேலை செய்துகொண்டே இருக்கும்.