பழைய பில் என்ன ஆகும்?

பில் போடும் சிறிய இணையச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதனால் ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்குப் போட்ட பில்லில் மார்ச் 31 என்று தேதி விழுகிறது. விற்பனை முந்தைய நிதியாண்டுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

பிழையைச் சரிசெய்த பொறியாளர் வாடிக்கையாளர்களுக்கான குறிப்பில், "நேர மண்டலப் பிழை நீக்கப்பட்டது" என்று எழுதுகிறார். கடைக்காரருக்கு இதில் ஒன்றும் விளங்காது.

அவருக்கு வேண்டிய குறிப்பு இது: "நள்ளிரவு முதல் காலை 5.30 வரை போட்ட பில்களில் முந்தைய நாள் தேதி விழுந்தது. இனி சரியான தேதி வரும். பழைய பில்கள் தானாக மாறாது. மாதத்தின் முதல் தேதியில் அந்த நேரத்தில் போட்டவற்றை ஒருமுறை சரிபாருங்கள்."

கடைசி இரண்டு வரிகள்தான் இதில் முக்கியம். பழைய பில்களும் திருந்திவிட்டன என்று நம்பினால் ஜிஎஸ்டி தாக்கலில் விற்பனை மாதம் மாறிப்போகும்.

புதிய வசதிக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம். எந்தத் திரையில், எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று சொன்னால் போதும்.

குறிப்பின் குறை உதவி எண்ணில் தெரிந்துவிடும். "என் பழைய பில் என்ன ஆச்சு?" என்று பலர் கேட்டால், அந்த இரண்டு வரிகள் விடுபட்டிருக்கின்றன.