பத்து நொடிக் குறிப்பும் இலவசப் பொருளும்

யூடியூப் ஸ்டுடியோவில் காணொலியைப் பதிவேற்றுவோர், விவரப் பக்கத்திலுள்ள Paid promotion பெட்டியைத் தேர்ந்தால், Includes paid promotion என்னும் குறிப்பு தொடக்கத்தில் 10 நொடிகள் திரையில் தோன்றும். பணம் பெறாது, இலவசப் பொருளுக்கு ஈடாக உருவாக்கப்படும் காணொலிக்கும் இது பொருந்தும். ஆயினும், பெற்றது பணமா பொருளா என்பதை அக்குறிப்பு உணர்த்துவதில்லை.

இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இதனினும் கூடுதலாகக் கோருகின்றன. இரண்டு நிமிடங்களுக்கு மேற்பட்ட காணொலியில், பொருள் முன்னிறுத்தப்படும் பகுதி முழுவதும் அறிவிப்பு திரையில் இருத்தல் வேண்டும். Free gift என்பது ஏற்கப்பட்ட சொற்களுள் ஒன்று. காணொலியின் மொழியிலும் அதனைத் தரலாம்.

சான்றாக, 12 நிமிடச் சமையல் காணொலி ஒன்றில், இலவசமாக வந்த மிக்ஸி 4ஆம் நிமிடம் முதல் 7ஆம் நிமிடம் வரை மதிப்பிடப்படுவதாகக் கொள்வோம். படைப்பாளர் நேர்மையாகப் பெட்டியைத் தேர்ந்திருப்பினும், மிக்ஸி திரைக்கு வரும்போது குறிப்பு மறைந்து ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் ஆகியிருக்கும். எனவே, அம்மூன்று நிமிடங்களிலும் ‘இலவசமாகப் பெற்ற பொருள்’ என்னும் வரியைப் படத்தொகுப்பின்போதே அவர் சேர்த்தாக வேண்டும். தளத்தின் குறிப்பு உண்டா இல்லையா என்று மட்டும் எண்ணும் ஆய்வு, இக்காணொலியை முறையாக அறிவிக்கப்பட்டதாகவே கணக்கிட்டுவிடும்.