தீபாவளிக்கு முன் ஒரு வாட்ஸ்அப் தகவல்

“வர்ற திங்கள்லருந்து கடை காலை 10 முதல் இரவு 11 வரை. ரெண்டு ஷிப்ட்.” தீபாவளி நெருங்கினால் ஜவுளிக்கடை முதலாளிகள் ஊழியர்களுக்கு அனுப்பும் தகவல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

13 மணி நேரத்தை ஒரே ஆள் தாங்க முடியாது, சட்டமும் விடாது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரம்தான் உச்சம். அதாவது தினமும் 2 மணி நேரம் கூடுதலாக நின்றால், மூன்றே நாளில் அந்த வார ஓவர்டைம் தீர்ந்துவிடும். பல தகவல்களில் விடுபடுவது இந்தக் கணக்குதான்!

முதல் ஷிப்ட் 10 முதல் 7 வரை, அடுத்தது 2 முதல் 11 வரை, இடையில் ஒரு மணி நேர ஓய்வு என்று பிரித்தால் சிக்கலில்லை.

ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நாள் கூலி 600 ரூபாய் என்றால் மணிக்கு 75. கூடுதல் மணிக்கு 150.